மூலை அடுப்பும் 75 செ.மீ. சிம்னியும்: எட்டுக்கு ஆறரை அடிச் சமையலறையில் இடம் தேர்ந்த அனுபவம்

எங்கள் வீடு சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. சமையலறை எட்டடி நீளமும் ஆறரை அடி அகலமும் கொண்டது. வீட்டில் ஆறு பேர். அதோடு, வேலைக்குப் போகும் எட்டுப் பேருக்கு மதியச் சாப்பாட்டுக் கேரியரும் இங்கிருந்தே போகிறது. காலை ஐந்தரை மணிக்குப் பற்றவைக்கும் அடுப்பு பதினொன்றரை வரை அணைவதில்லை. வாரத்தில் மூன்று நாள் மீன் வறுவல், நாள்தோறும் ஏதாவது ஒரு பொரியல், மாலையில் வடையோ பஜ்ஜியோ உண்டு. பரண் மேலிருந்த பித்தளைப் பாத்திரங்களில் விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பிறகுதான் சிம்னி வாங்குவது என்று முடிவு செய்தோம்.

கடையில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எத்தனை பர்னர், மேடம்?" என்பது. மூன்று என்றதும் 90 செ.மீ. அகலமும் மணிக்கு 1,400 கன மீட்டர் இழுதிறனும் கொண்ட ஒரு சிம்னியைக் காட்டினார்கள். வீட்டின் படத்தைக் காட்டியபோது, வடக்குச் சுவரில் பரணுக்கு அடியில் மாட்டிவிடலாம் என்றார்கள். எந்தச் சுவர், குழாய் எந்த வழியாக வெளியேறும், தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று வாங்காமல் திரும்பியது நல்லதாயிற்று. சிறிய சமையலறையில் இடம்தான் முதலில் முடிவாக வேண்டும், அகலமும் உயரமும் அதிலிருந்து தாமாக வரும், இழுதிறன் எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது அளவெடுக்கத் தொடங்கிய பிறகே எனக்குப் புரிந்தது.

முதலில் வடக்குச் சுவரையே அளந்தேன். எங்கள் மேடை தரையிலிருந்து 84 செ.மீ. உயரம். அதன்மேல் வைக்கும் அடுப்பில், பாத்திரம் உட்காரும் கம்பி வரை இன்னும் 12 செ.மீ.; ஆக 96. எரிவாயு அடுப்புக்கு மேல் சிம்னியின் அடிப்பகுதி 65 செ.மீ.க்குக் குறையாமலும் 75-ஐத் தாண்டாமலும் இருப்பது நல்லது. நான் 68 என்று வைத்துக்கொண்டதால், சிம்னியின் அடி தரையிலிருந்து 164 செ.மீ.யில் வரும். ஆனால் பரணின் அடிப்புறமோ ஏழடியில், அதாவது 213 செ.மீ.யில் இருக்கிறது. இடையில் கிடைப்பது 49 செ.மீ. மட்டுமே. சிம்னியின் உடலே சுமார் 45 செ.மீ.; அதன் தலையிலிருந்து கிளம்பும் ஆறங்குலக் குழாயைப் பக்கவாட்டில் திருப்பும் எல்போவுக்கு இன்னும் 20 செ.மீ.யாவது வேண்டும். கணக்கு இடித்தது. பரணில் துளை போட்டு மேலே கொண்டுபோகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சுவரிலிருந்து முன்னால் நீண்டு நிற்கும் கான்கிரீட் பரணில், பாரத்தைத் தாங்கும் கம்பிகள் சுவரை ஒட்டிய மேல்பகுதியில்தான் ஓடுகின்றன. குழாய்க்கான துளையும் சுவரை ஒட்டித்தான் வரும் என்பதால் அந்த யோசனையை அங்கேயே விட்டேன். தவிர, வடக்குச் சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. குழாய் மூன்று முறை வளைந்து எட்டடி நடந்து கிழக்கே போக வேண்டியிருக்கும்.

அடுத்தது கிழக்குச் சுவர். எங்கள் அடுப்பு இத்தனை ஆண்டும் அந்தச் சுவரில், ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. கிழக்கு நோக்கி நின்று சமைக்க வேண்டும் என்பது மாமியாரின் ஏற்பாடு, வெளிச்சமும் கிடைத்தது. ஜன்னல் மேல் சிம்னி மாட்ட முடியாது. ஆறரை அடிச் சுவரில் ஜன்னல் இரண்டரை அடி. அது நடுவில் இல்லாமல் வடக்கே தள்ளியிருந்ததால், ஜன்னலுக்கும் தெற்குச் சுவருக்கும் நடுவே 86 செ.மீ. வெற்றுச் சுவர் கிடைத்தது. அங்கே மிக்ஸியும் கிரைண்டரும் குடியிருந்தன. அவற்றை ஜன்னலடிக்கு மாற்றி, அடுப்பை மூலைக்குக் கொண்டுவந்தால் கிழக்கு நோக்கிய நிலையும் மாறாது. "அக்னி மூலைக்கே வந்துடுச்சு, இன்னும் நல்லதும்மா" என்று மாமியார் உடனே ஒப்புக்கொண்டார். எனக்குக் கிடைத்த வசதி வேறு.

அந்த வசதி என்னவென்று சொல்ல ஒரு சின்னக் கணக்கு வேண்டும். ஏசி குழாய் வேலை பார்க்கும் என் தம்பி சொல்லித் தந்த முறை இது. சிம்னி அறையின் காற்றையெல்லாம் மாற்றுவதற்காக மாட்டப்படுவதில்லை. அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே திறந்திருக்கும் பக்கங்களின் வழியாக உள்நோக்கிக் காற்று நகர வேண்டும், அந்த நகர்வுதான் புகையை வெளியே தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. நொடிக்குக் கால் மீட்டர் வேகம் இருந்தால் வீட்டுச் சமையலுக்குப் போதும் என்று அவன் வைத்துக்கொள்கிறான். 75 செ.மீ. அகலமும் 48 செ.மீ. ஆழமும் கொண்ட சிம்னிக்கு, பின்னால் மட்டும் சுவர் இருந்தால், திறந்த விளிம்பு முன்பக்கம் 75, இரு பக்கமும் 48 வீதம், மொத்தம் 171 செ.மீ. அதை 68 செ.மீ. உயரத்தால் பெருக்கினால் 1.16 சதுர மீட்டர். கால் மீட்டர் வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 1,050 கன மீட்டர் காற்று தேவை. அதே சிம்னியை மூலையில் மாட்டினால் தெற்குச் சுவர் ஒரு பக்கத்தை அடைத்துவிடுகிறது. திறந்த விளிம்பு 123 செ.மீ. ஆகக் குறைகிறது, தேவையும் 750 கன மீட்டருக்கு இறங்குகிறது. உயரத்தை மட்டும் 68-லிருந்து 90 ஆக ஏற்றிப் பார்த்தேன்: மூலையிலேயே கூடத் தேவை ஏறக்குறைய 1,000 ஆகிவிடுகிறது. தலை இடிக்கும் என்று சிம்னியை ஓரடி உயர்த்தி மாட்டிவிட்டு, பிறகு "இழுக்கவே இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்ளும் வீடுகள் சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன். காரணம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் 1,200, 1,400 என்ற எண்கள் அதிகபட்ச வேகத்தில் இழுக்கும் அளவுகள். குழாயும் வளைவும் வெளிமூடியும் சேர்ந்தபின் அந்த அளவு வீட்டில் கிடைப்பதில்லை. அதிகபட்ச வேகத்தில் நாள் முழுக்க ஓட்டினால் அந்த இரைச்சலில் குக்கர் விசில்கூடக் காதில் விழாது. 750 தேவைப்படும் இடத்துக்கு 1,200 எழுதியிருக்கும் சிம்னியை எடுத்து நடு வேகத்திலோ அதற்கு ஒருபடி மேலோ ஓட்டுவது என்று தீர்மானித்தேன்.

அகலத்தை எண்ணால் மட்டும் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து 60 செ.மீ.க்கு ஒன்றும் 75 செ.மீ.க்கு ஒன்றுமாக, 48 செ.மீ. ஆழத்தில் இரண்டு பலகைகள் வெட்டினேன். அடுப்பை மூலைக்கு நகர்த்தி, கூரை பீமில் இருந்த கொக்கியிலிருந்து சணல் கட்டி, பலகையை 164 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டேன். அட்டை காற்றை இழுக்காது. ஆனால் ஆவியும் புகையும் எங்கே ஏறுகின்றன, பலகையின் எந்த விளிம்பைத் தாண்டுகின்றன என்பதைக் கண்ணுக்குக் காட்டிவிடும். தீ பிடிக்காதபடி பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு பலகையையும் ஒன்றரை நாள் பார்த்தேன்.

60 செ.மீ. பலகையில் இடது பர்னரில் வைத்த ஐந்து லிட்டர் குக்கரின் விசில் ஆவி, விளிம்புக்கு வெளியே நேராக மேலே போனது. எங்கள் அடுப்பே 70 செ.மீ. அகலம் என்பதால் இது வியப்பில்லை. சிம்னி அடுப்பைவிட ஒரு விரல்கடையாவது இரு பக்கமும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே கண்கண்ட சாட்சி. 75 செ.மீ. பலகை அந்த ஆவியைப் பிடித்தது. நான் எதிர்பாராதது முன்பக்கத்தில் நடந்தது. முன் பர்னரில் பெரிய வாணலியை வைத்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தேன். சாம்பல் நிறப் புகை நேராக எழவில்லை. வாணலியின் முன்விளிம்பில் எழுந்த பங்கு என் பக்கமாகச் சாய்ந்து, அட்டையின் முன்விளிம்பை நான்கு விரற்கடை இடைவெளியில் தாண்டி, என் மூக்கைத் தேடி வந்தது. அளந்து பார்த்தேன். முன் பர்னரின் மையம் சுவரிலிருந்து 42 செ.மீ.; வாணலியின் விட்டம் 30. ஆக வாணலியின் முன்விளிம்பு 57 செ.மீ.யில் நிற்கிறது, சிம்னியோ 48-இல் முடிகிறது. அகலத்தை 90 ஆக்கினாலும் இந்தக் குறை ஒரு நூலளவும் தீராது, ஏனென்றால் குறை இருப்பது ஆழத்தில். கடைகளில் அகலத்தைச் சொல்கிறார்கள். ஆழத்தைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

இதற்கு இரண்டு காரியங்கள் செய்தேன். அடுப்பைச் சுவரை நோக்கி ஐந்து செ.மீ. தள்ளினேன். எரிவாயு ரப்பர் குழாய் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் நசுங்காதபடி பக்கவாட்டில் இறக்கி, சிலிண்டரையும் அதற்கேற்ப மேடைக்கடியில் நகர்த்தினேன். இரண்டாவதாக, சமைக்கும் பழக்கத்தையே மாற்றிக்கொண்டோம்: தாளிப்பு, வறுவல், எண்ணெய்ச் சட்டி எல்லாம் பின் பர்னருக்கு, சோறு, பருப்பு, பால் போன்றவை முன்னுக்கு. பின் பர்னரில் புகை எழும் இடம் மூன்று பக்கமும் காப்பாக இருக்கிறது. பின்னால் சுவர், வலப்பக்கம் சுவர், மேலே ஃபில்டர்.

வடிவத்திலும் இதே ஆழம்தான் முடிவைச் சொன்னது. இப்போது பலரும் விரும்பும் சாய்வுக் கண்ணாடி சிம்னியில், கீழ்விளிம்பு சுவரை ஒட்டியும் மேல்விளிம்பு முன்னால் நீட்டியும் இருக்கும். தலை இடிக்காது, பார்க்கவும் அழகு. ஆனால் முன் பர்னருக்கு மேலே வரும் பகுதி அரையடிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. உயரம் கூடினால் என்ன ஆகும் என்பதை மேலே பெருக்கிப் பார்த்தாயிற்று. மூன்று பர்னரும் ஒரே நேரத்தில் எரியும் வீட்டுக்கு, அடிப்பகுதி தட்டையாகப் படுத்திருந்து, முன்னால் கண்ணாடி விளிம்பு நீண்ட வகையே ஏற்றது என்று பட்டது. எனக்கும் மாமியாருக்கும் ஐந்தடி இரண்டங்குலத்தைத் தாண்டாத உயரம், 164 செ.மீ. எங்கள் தலையைத் தொடாது. ஐந்தடி ஒன்பதங்குலமுள்ள என் கணவர் முதல் வாரத்தில் இரண்டு முறை இடித்துக்கொண்டார். அவர் சமைப்பது ஞாயிறு மட்டும்தான் என்பதால் அந்த வாதம் எடுபடவில்லை.

குழாய்க்கு மறுபடியும் இடத்தின் கேள்வி எழுந்தது. சிம்னி கிழக்குச் சுவரில் இருக்கும்போது, பின்னாலேயே துளையிட்டுக் கிழக்கே விடுவதுதான் மிகக் குறுகிய வழி. பொருத்த வந்தவரும் அதையே சொன்னார். நான் மறுத்ததற்குக் காரணம் கடற்காற்று. சென்னையில் வெயில் காலத்தில் நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று திரும்பும். எங்கள் கிழக்கு ஜன்னலின் திரை பிற்பகலில் உள்நோக்கிப் பாய்மரம்போல் உப்பும். கிழக்கே வாய் திறந்த குழாயில், சிம்னி தள்ளும் காற்றை எதிர்த்து அந்தக் காற்று அமுக்கும். வெளியே போன கொஞ்சப் புகையும் சுவரோடு சறுக்கி, இரண்டடி தள்ளியிருக்கும் ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே வரும். மாலையில் வடை சுடுவது சரியாக அந்த நேரத்தில்தான். தெற்குச் சுவரும் வெளிச்சுவர் என்பதால் அந்தப் பக்கம் திருப்பினோம். எதிரே பக்கத்து வீட்டின் ஜன்னல் எதுவும் நேராக இல்லை என்பதை மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

தெற்குச் சுவரில் துளை எங்கே என்பதும் யோசிக்க வேண்டியதாக இருந்தது. ஏழடியில் லிண்டல் கான்கிரீட் சுவரைச் சுற்றி ஓடுகிறது. அதன் மேல்விளிம்பு 228 செ.மீ. கூரையோடு ஒட்டிய பீமின் அடி 265 செ.மீ. இரண்டையும் தொடக்கூடாது. நடுவில் இருக்கும் 37 செ.மீ. செங்கல் பட்டையில், 245 செ.மீ. உயரத்தை மையமாக வைத்து ஏழங்குலத் துளைக்குப் பென்சிலால் வட்டம் போட்டேன். சிம்னியின் மையம் தெற்குச் சுவரிலிருந்து 45 செ.மீ.; ஆகக் குழாய் மேலே ஒரு முழம் ஏறி, ஒரே ஒரு முறை திரும்பி, சுவரைக் கடந்து வெளியேறுகிறது. மொத்தம் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம்.

துளையிட வந்த கொத்தனாரிடம் நாலங்குல பிட் மட்டுமே இருந்தது. "அக்கா, ரெட்யூசர் போட்டுச் சுருக்கிக்கலாம், காத்துதானே போவப்போவுது" என்றார். ஆறங்குலக் குழாயின் வாய்ப்பரப்பில் பாதிகூட நாலங்குலத்தில் கிடையாது. 750 கன மீட்டர் காற்று ஆறங்குலத்தில் நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் போனால், நாலங்குலத்தில் அதே அளவு போக 26 மீட்டர் வேகம் வேண்டும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு ஆவதால், மோட்டார் அவ்வளவு தள்ளாது. இரைச்சல்தான் கூடும், காற்று குறைந்துவிடும். அவர் மறுநாள் பெரிய பிட்டோடு வந்தார். துளையை வெளிப்புறம் ஒரு விரல் தாழ்வாகச் சாய்த்துப் போடச் சொன்னேன். குழாய்க்குள் குளிர்ந்து வழியும் எண்ணெயும் சாரலும் வெளியே போகட்டும் என்பதற்காக. சுவருக்குள் தகரக் குழாயும், திருப்பத்தில் நன்றாக இழுத்து நீட்டிய அலுமினிய மடிப்புக் குழாயும், வெளியே புறாவும் மழையும் நுழையாதபடி கீழ்நோக்கிய மூடியும் வைத்தோம். மடிப்புக் குழாயைச் சுருக்கமாக விட்டால் ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய் தங்கும் தொட்டியாகிவிடும். மிச்ச நீளத்தை வெட்டி எறிவதில் தயங்கக்கூடாது.

பொருத்தும் நாளில் ஒரு தவறு நேரத் தெரிந்தது. வந்தவர் அளவுநாடாவை மேடைக் கல்லில் வைத்து 68 செ.மீ. குறித்தார். அப்படி மாட்டியிருந்தால் அடுப்புக் கம்பியிலிருந்து 56 செ.மீ.தான் இருந்திருக்கும், எண்ணெய்ச் சட்டியில் தீ எழுந்தால் நேராக ஃபில்டரில் படியும் உயரம் அது. முந்தைய நாளே டைல்ஸ் மேல் நான் போட்டு வைத்திருந்த கோட்டைக் காட்டினேன். உயரத்தை எப்போதும் பாத்திரம் உட்காரும் கம்பியிலிருந்தே எடுக்க வேண்டும். குழிக்குள் இறக்கிய அடுப்புக்கும் மேடைமேல் வைத்த அடுப்புக்கும் இதில்தான் வேறுபாடு.

மாட்டி முடித்து ஓட்டியபோது சத்தம் கம்பீரமாக இருந்தது. புகை மட்டும் போகவில்லை. மெல்லிய டிஷ்யூ தாளை ஃபில்டரில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தாள் நடு வேகத்தில் நழுவி விழுந்தது. கூடவே, தலைக்கு மேல் 'டக் டக்' என்று ஏதோ அடித்துக்கொண்டது. வந்தவர் "புது மோட்டார், செட் ஆகும் மேடம்" என்று கிளம்பிவிட்டார். மாலையில் தம்பி வந்து குழாயைக் கழற்றினான். சிம்னியின் வாயில், ஓடாதபோது வெளிக்காற்று திரும்பி வராமல் மூடிக்கொள்ள, வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல இரண்டு பிளாஸ்டிக் இதழ்கள் இருக்கின்றன. மடிப்புக் குழாயை வாயோடு பிணைக்க அடித்திருந்த முக்கால் அங்குல ஸ்க்ரூவின் நுனி உள்ளே நீண்டு, ஒரு இதழைப் பாதித் திறப்பில் நிறுத்தியிருந்தது. இன்னொன்று மட்டும் திறந்து மூடி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, பட்டைக் கவ்வியால் இறுக்கி, அதன்மேல் அலுமினிய டேப் சுற்றினோம். விரலால் தள்ளிப் பார்த்தபோது இரண்டு இதழும் தடையின்றி நிமிர்ந்தன. தாள் உடனே ஒட்டியது.

இரண்டு நாள் கழித்து வேறொரு தொல்லை. காலையில் கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும், ஹாலில் தூங்குபவர்களுக்காகக் கதவையும் சாத்திவிட்டு ஓட்டினால், சில நிமிடங்களில் மோட்டாரின் குரல் மாறியது, தாள் தளர்ந்தது, சமையலறைத் தரைச் சல்லடையிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தது. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாததால், வறண்டு கிடந்த சல்லடைக் குழாயின் வழியாகவே இழுத்திருக்கிறது. கதவை ஒரு சாண் திறந்ததும் தாள் 'பட்' என்று ஒட்டியதை மாமியாருக்குக் காட்டினேன். "வாசல் வழியா வர்ற காத்துதான் அடுப்பு வழியாப் போவுதா?" என்று கேட்டார், அதுதான் முழு விஷயமும். காற்று எந்த வழியாக வருகிறது என்பதும் முக்கியம். அடுப்பை ஒட்டிய ஜன்னல் கதவைத் திறந்தால், உள்ளே பாயும் காற்று புகையைச் சிம்னிக்குக் கீழிருந்தே குறுக்கே தள்ளிக்கொண்டு போகிறது. ஊதுபத்தியை ஏற்றி அடுப்பின் முன்விளிம்பில் பிடித்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். ஜன்னலின் அடுப்புப் பக்கக் கதவு திறந்தபோது ஊதுபத்திப் புகை என் முகத்தைத் தாண்டிக் கிடையாக ஓடியது. அதை மூடி, ஹால் கதவை மட்டும் திறந்தபோது புகை முன்புறமிருந்து உள்ளே வளைந்து ஃபில்டருக்குள் போனது. அன்றிலிருந்து அந்த ஒரு ஜன்னல் கதவு சமைக்கும் நேரத்தில் சாத்தியே இருக்கிறது. ஜன்னல் மேல் இருந்த பழைய ஒன்பதங்குல எக்ஸாஸ்ட் மின்விசிறியையும் கழற்றி, அந்த ஓட்டையைக் கண்ணாடியால் அடைத்தோம். அதையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் ஒரே காற்றுக்குப் போட்டியிடும்; நிறுத்தி வைத்தாலும், அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று அடுப்பின் தலைமேல் இறங்கும்.

இப்போது பத்து மாதம் ஆகிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சிம்னியைப் போட்டுவிடுகிறோம். சமையல் முடிந்தபின் பத்து நிமிடம் ஓடவிடுகிறோம். தகட்டு மடிப்புகள் கொண்ட பாஃபிள் ஃபில்டரைப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கொதிநீரில் சோடாவும் பாத்திர சோப்பும் போட்டு ஊறவைக்கிறேன். தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் பொத்தான் உள்ளே இருக்கும் விசிறிப் பகுதியைச் சூடாக்கி எண்ணெயை வழியச் செய்வதோடு சரி. ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் குழாய்க்கும் அதனால் பயனில்லை.

மூலையின் குறைகளும் இல்லாமல் இல்லை. அடுப்புக்கும் தெற்குச் சுவருக்கும் நடுவே 10 செ.மீ. விட்டும், இட்லிப் பானையின் கைப்பிடி சுவரில் முட்டுகிறது. பானையைச் சற்றே திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. சுவர் டைல்ஸில் எண்ணெய்த் தெறிப்பு அதிகம். அன்றாடம் துடைக்காவிட்டால் மஞ்சளாகிவிடும். சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்கும் நாளில், முன் பர்னரில் வைத்தால் இன்னமும் வீடே இருமுகிறது. பின் பர்னரில், அதிகபட்ச வேகத்தில், ஹால் கதவு திறந்திருக்க வறுத்தால் வறுப்பவர் மட்டும் இரண்டு முறை தும்முவதோடு போகிறது.

போன வாரம் ஏணி போட்டு, அந்த ஒரே திருப்பத்தை மட்டும் கழற்றிப் பார்த்தேன். திருப்பத்தின் வெளிவளைவில் தேன் நிறத்தில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு ஒட்டும் பசை. சுவருக்குள் இருக்கும் தகரக் குழாயில் மெல்லிய படலம். வெளிமூடியின் கீழுதட்டில் உறைந்து நிற்கும் இரண்டு துளிகள். இதழ்கள் இரண்டும் பிசுக்கேறியிருந்தன, ஆனால் அசைந்தன. பழைய துணியும் மண்ணெண்ணெயும் வைத்துத் துடைத்து, மண்ணெண்ணெய் வாடை முழுக்கப் போகும்வரை இரண்டு மணி நேரம் காயவிட்ட பிறகே மீண்டும் பூட்டினேன்.